“எனக்கு எறிய வராது சார்”: மூன்றாம் வகுப்பு எறிதல் பாடத்தை ஃபிசிகல் லிட்டரசி நோக்கில் மாற்றி எழுதும் வழி

பல வருடங்கள் என் பாடக்குறிப்பேட்டில் மூன்றாம் வகுப்பு எறிதல் பாடத்துக்கு ஒரே வரிதான் இருந்தது: “மாணவர்கள் பந்தைச் சரியான முறையில் எறிவர்.” 36 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தைக் கொடுத்து, தூரத்தில் ஒரு வட்டம் போட்டு எறியச் சொல்வேன். வட்டத்துக்குள் விழுந்தால் கைதட்டல். விழாவிட்டால் அடுத்த ஆள்.

ஒருநாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் முறை வரும்போதெல்லாம் வரிசையின் கடைசிக்கு நழுவிப் போவதைப் பார்த்தேன். கூப்பிட்டுக் கேட்டதற்கு, “எனக்கு எறிய வராது சார்” என்றாள். ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லவில்லை. வராது. என் நிறம் இது, என் உயரம் இது என்பதைப் போலச் சொன்னாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் வரிசைதான்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு பாடத்தைப் பற்றியது. வாரத்துக்கு இரண்டு பீரியட், நான்கு வாரம், மொத்தம் 8 வகுப்புகள். ஃபிசிகல் லிட்டரசி என்ற கருத்தை வைத்து அதன் நோக்கத்தை எப்படி மாற்றி எழுதுவது, எழுதிய பிறகு மைதானத்தில் என்னென்ன மாறியாக வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தச் சொல்

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கரெட் வைட்ஹெட் உடற்கல்வியிலிருந்து தத்துவத்துக்குப் போனவர். மெர்லோ-பொன்தி போன்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்களைப் படித்தவர். உடம்பு நாம் வைத்திருக்கும் கருவி இல்லை, உடம்பாகத்தான் நாம் உலகில் இருக்கிறோம் என்பது அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்ட அடிப்படை. 1993-ல் மெல்போர்னில் நடந்த ஒரு மாநாட்டில் ஃபிசிகல் லிட்டரசியைப் பற்றிப் பேசினார். பிறகு பல ஆண்டுகள் அதன் வரையறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: உடலை இயக்கும் செயல்களை மதித்து, வாழ்நாள் முழுக்க அவற்றில் ஈடுபடும் பொறுப்பைத் தானே ஏற்பதற்கு வேண்டிய ஆர்வம், தன்னம்பிக்கை, உடல்திறன், அறிவும் புரிதலும்.

நான்கு இழைகள். அவற்றில் உடல்திறன் ஒன்றே ஒன்று. நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றோடு நின்றுவிடுகின்றன.

இதைத் தமிழில் ‘உடல்சார் எழுத்தறிவு’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. காதுக்கு இடறினாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. எழுத்தறிவு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பாடப்புத்தகச் செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்க முடியாமல் நின்றால் அவனை எழுத்தறிவு பெற்றவன் என்று சொல்ல மாட்டோம். ஒப்பித்தல் வகுப்புக்குள் முடிந்துவிடும். வாசிப்பு தெருவுக்கு வரும், தேவைப்படும் இடத்தில் தானாக வேலை செய்யும். எறிதலும் அப்படித்தான். விசிலுக்கு எறிவது ஒப்பித்தல். இடைவேளையில் தோழி கூப்பிட்டதும் ஓடிப்போய், அவள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று பார்த்து அதற்கேற்ப எறிவது வாசிப்பு.

இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. கனடாவில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள். அதன் இரண்டாம் பதிப்பில் மொத்தம் 100 புள்ளி: உடல்திறனுக்கு 30, அன்றாட உடல் இயக்கத்துக்கு 30, ஆர்வத்துக்கும் நம்பிக்கைக்கும் சேர்த்து 30, அறிவுக்கு 10. வைட்ஹெட்டின் வழி வேறு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடும் மதிப்பெண்ணை அவர் விரும்பவில்லை. அந்தப் பிள்ளை போன மாதம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற பயணத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். ஒரு மாவட்டம் முழுக்க என்ன நடக்கிறது என்று அறிய முதல் வழி உதவும். 36 பேரோடு மைதானத்தில் நிற்கும் ஆசிரியருக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது என் கணிப்பு. இங்கே அதையே பின்பற்றுகிறேன்.

படி 1: நோக்கத்தை மாற்றி எழுதுதல்

பழைய வரியில் பந்துதான் மையம். பந்து எங்கே விழுந்தது என்பதில் பாடம் முடிந்துவிடும். புதிய நோக்கத்தில் பிள்ளையின் நிலை மாற வேண்டும். நான்கு இழைக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியவை இவை:

திறன்: பலமாக எறியும்போது எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் காலை முன்னே வைக்கிறாள்.
நம்பிக்கை: எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். சுலபமாகிவிட்டால் பின்னால் நகர்கிறாள்.
அறிவு: “இன்னும் தூரம் போக எதை மாற்றுவே?” என்று கேட்டால் ஒரு பதில் சொல்லி, அதைச் செய்து பார்க்கிறாள்.
ஆர்வம்: யாரும் சொல்லாதபோது எறிதல் உள்ள ஓர் ஆட்டத்தில் சேர்கிறாள்.

“தன்னம்பிக்கை வளரும்”, “ஆர்வம் பெருகும்” என்றெல்லாம் எழுதினால் அது குறிப்பேட்டை அலங்கரிக்கும், அவ்வளவுதான். எந்தச் செயலைப் பார்த்தால் நம்பிக்கை வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை எழுதுங்கள்.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. ஃபிசிகல் லிட்டரசி என்றதும் “ஓ, திறமையெல்லாம் முக்கியமில்லை, பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் போதும்” என்று புரிந்துகொள்ளும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். திறன் இந்த நான்கில் ஒன்று, அதை எடுத்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் நிற்க இடமில்லை. ஐந்து, ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் தங்களைப் பெரிய வீரர்கள் என்றே நம்புவார்கள். முயற்சியையும் திறமையையும் அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஏறக்குறைய ஏழு, எட்டு வயதில் பக்கத்துப் பையனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள், தங்கள் கணிப்பை நிஜத்துக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். அப்போது கையில் உண்மையான திறன் இல்லாவிட்டால் “வராது சார்” பிறக்கிறது. மூன்றாம் வகுப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

படி 2: முதல் இரண்டு வகுப்பில் கற்பிக்காமல் பார்த்தல்

எறிதலில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எதுவும் கண்ணில் நிற்காது. காலை மட்டும் பாருங்கள். எறியும் கைப்பக்கமாக, பிள்ளைக்குப் பக்கவாட்டில் நின்றால் நன்றாகத் தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி ஆன் ராபர்டன் எறிதலின் வளர்ச்சியை உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் படிநிலைகளாகப் பிரித்தார். காலுக்கு நான்கு நிலை. முதலில் கால் நகரவே நகராது, நின்ற இடத்தில் கை மட்டும் வீசும். அடுத்து எறியும் கைப்பக்கக் காலே முன்னே போகும். வலது கையால் எறிபவர் வலது காலை வைப்பார். மூன்றாவதில் எதிர்ப்பக்கக் கால் சின்ன எட்டாக முன்னே வரும். நான்காவதில் அதே கால் நீண்ட எட்டாக வரும், பிள்ளையின் உயரத்தில் பாதியைத் தாண்டும். இடக்கைப் பிள்ளைகளுக்கு இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் நான் பலமுறை தப்பாகக் குறித்திருக்கிறேன். அதனால் முதல் நாளே இடக்கைக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு “இதில் எறி” என்றால், நன்றாக எறியத் தெரிந்த பிள்ளைகூடக் காலை நகர்த்தாமல் மெதுவாகத் தூக்கிப் போடும். அதற்கு அதுவே போதும். ஆகவே அவளுக்கு எறியத் தெரியாது என்று எழுதிவிடுவோம். உண்மையில் நாம் கொடுத்த வேலைதான் அந்த எறிதலைக் கேட்டு வாங்கியது. எறிதலின் முழு வடிவம் பலமாக எறியும்போதுதான் வெளிவரும். பார்க்கும் நாட்களில் குறியை எடுத்துவிடுங்கள். “எவ்வளவு வேகமா எறிய முடியுமோ எறி” என்பது மட்டும் போதும்.

என் வகுப்பில் அந்தச் சிறுமி முதல் நிலையில் இருந்தாள். சுவரைப் பார்த்து நேராக நின்று, முழங்கையை முன்னால் கொண்டுவந்து, ஏதோ கதவைத் தள்ளுவதுபோலப் பந்தைத் தள்ளினாள். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே “கால் இல்லை, தள்ளுகிறாள், கேட்டால் ‘வராது’ என்கிறாள்” என்று எழுதினேன். மதிப்பெண் போடவில்லை.

படி 3: எறிகளை எண்ணுதல்

நோக்கம் மாறியும் வரிசை மாறாவிட்டால் எல்லாம் காகிதத்தோடு நிற்கும். என் பழைய வகுப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் எறிக்கு 10 விநாடி. 30 நிமிடத்தில் 180 எறி. 36 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5. எட்டு வகுப்புக்கும் சேர்த்து 40 எறி. தோழர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, 40 முறை. திறனும் வளராது, கூச்சம் மட்டும் வளரும்.

மாற்று ஏற்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுள்ள காம்பவுண்டு சுவர் ஒன்று வேண்டும். அதைச் சுண்ணாம்புக் கோட்டால் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள 12 பாதைகளாகப் பிரியுங்கள். மூன்று மூன்று பேராக 12 குழு. பந்துகள் 48, அதாவது குழுவுக்கு நான்கு. பழைய செய்தித்தாளைக் கசக்கி பிரவுன் டேப் சுற்றினால் ஒரு பந்து. பழைய சாக்ஸில் துணி அடைத்துக் கட்டினால் இன்னும் நல்ல பந்து, கொஞ்சம் கனம் இருக்கும், மேலே பட்டாலும் வலிக்காது. டென்னிஸ் பந்து வேண்டாம். சுவரில் பட்டுத் திரும்பி ஓடும், அதைத் துரத்துவதிலேயே பீரியட் போய்விடும். பந்து பிடிப்பதையும் இந்தப் பாடத்தில் சேர்க்காதீர்கள். பிடிக்கத் தெரியாத தோழிக்குப் பலமாக எறியப் பிள்ளைகள் தயங்குவார்கள், எறிதல் மறுபடியும் சுருங்கிவிடும்.

ஒருவர் எறிவார், ஒருவர் பந்து பொறுக்குவார், ஒருவர் பார்ப்பார். எறியும் நேரத்தில் மற்ற இருவரும் எறிபவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு விசிலுக்கு எறிதல் தொடக்கம். இரண்டாம் விசில் ஊதிய பிறகே பொறுக்கப் போகலாம். இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு எறி, பொறுக்கல், இடமாற்றம் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறேழு முறை வாய்ப்பு வரும், ஏறக்குறைய 26 எறி. பழைய முறையில் ஐந்து வகுப்பில் கிடைத்ததை ஒரே வகுப்பில் தாண்டிவிடலாம். அதோடு 12 பேர் ஒரே நேரத்தில் எறிவதால் யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. “வராது” என்று சொல்லும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

பார்ப்பவருக்கும் வேலை இருக்கிறது. “எந்தக் காலை வச்சா?” என்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அறிவு என்ற இழை இங்கேதான் பின்னப்படுகிறது. தன் காலைப் பார்க்க முடியாத பிள்ளை, தோழியின் காலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது.

படி 4: தேர்வைக் கொடுத்தல், அது கெட்டுப்போவதைக் கவனித்தல்

மஸ்கா மோஸ்டன் என்ற உடற்கல்வியாளர் கயிறு தாண்டும் ஓர் எடுத்துக்காட்டால் பேர் பெற்றவர். இருவர் கயிற்றை ஒரே உயரத்தில் பிடித்தால், உயரம் ஏற ஏறப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போவார்கள். தாண்டப் பழக வேண்டியவர்தான் முதலில் போவார். அதே கயிற்றின் ஒரு முனையை இறக்கிச் சாய்வாகப் பிடித்தால் ஒவ்வொருவரும் தனக்கேற்ற உயரத்தில் தாண்டலாம், யாரும் வெளியே போக வேண்டியதில்லை. கயிறு அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். சாய்வு மட்டும் புதிது.

நம் ஊரில் இது அவ்வளவு அந்நியமும் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து தொடங்கினோம். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிலையைத் தீர்மானிப்பது ஆசிரியர். சாய்ந்த கயிற்றில் தீர்மானிப்பது பிள்ளை. நம்பிக்கை என்ற இழை அந்தத் தீர்மானத்தில்தான் வளர்கிறது.

எறிதலில் சாய்வை இப்படிக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பாதையிலும் சுவரிலிருந்து 3, 5, 7, 9 மீட்டரில் நான்கு கோடுகள். சுவரில் இடுப்புயரத்துக்கு மேலே ஒரு பெரிய சாக்பீஸ் சதுரம். எந்தக் கோட்டிலிருந்தும் எறியலாம், ஒவ்வொரு எறிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கோடுகளுக்கு எண்ணோ பெயரோ வைக்கவில்லை. வைத்திருந்தால் “நான் நாலாம் நம்பர்” என்று மறுபடி ஒரு வரிசை முளைத்திருக்கும்.

இதில் இரண்டு விதமான கோளாறு வந்தது. சில பையன்கள் முதல் விசிலிலேயே 9 மீட்டருக்கு ஓடினார்கள். பந்து பாதி வழியில் விழுந்தது, ஆனாலும் முன்னே வரவில்லை. மற்றவர்கள் முன் இறங்கிவர மனமில்லை. அந்தச் சிறுமியோ 3 மீட்டரிலேயே நின்றாள். நான்கில் நான்கும் சதுரத்தில் பட்டன. முகமெல்லாம் மலர்ச்சி. முதலில் எனக்கும் மகிழ்ச்சிதான். மூன்றாவது சுற்றில் அவள் காலைப் பார்த்தேன். துளியும் நகரவில்லை. 3 மீட்டரில் இருந்து சதுரத்தைத் தொட அந்தப் பழைய தள்ளல் போதுமானதாக இருந்தது. நம்பிக்கை வந்துகொண்டிருந்தது, திறன் அசையாமல் நின்றது.

தேர்வு கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நான்கு எறியும் விடாமல் படுகிறதா, நான்கும் தவறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியில்லை. நான்கில் இரண்டோ மூன்றோ பட்டால் அவள் சரியான கோட்டில் நிற்கிறாள். இதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன்: “நாலும் பட்டா ஒரு கோடு பின்னால போ. ஒண்ணுகூடப் படலைன்னா ஒரு கோடு முன்னால வா.” ஆசிரியர் சொல்லி இறங்கினால் அவமானம், விதி சொல்லி இறங்கினால் ஆட்டம். 9 மீட்டர் பையன்கள் வந்துவிட்டார்கள்.

சிறுமிக்கு அது மட்டும் போதவில்லை. 5 மீட்டருக்குப் போனதும் பந்து விழுந்தது, பழைய முகம் திரும்பிவிட்டது. அடுத்த வகுப்பில் அவள் குழுவின் பாதையில் சதுரத்தை அழித்துவிட்டு ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தேன். “படணும்னு இல்ல. பட்டா பெருசா சத்தம் வரணும்” என்றேன். சாக்ஸ் பந்தைத் தள்ளினால் தகரம் ‘டப்’ என்று முனகும். வீசினால் ‘டம்’ என்று அதிரும். ஆறாவதோ ஏழாவதோ எறியில், அதிகச் சத்தம் வேண்டி உடம்பைப் பின்னால் சாய்த்தாள். இடது கால் தானாக முன்னே வந்தது. நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தோழிதான், “ஏய், காலு வந்துச்சுடி!” என்று கத்தினாள்.

“எதிர்க் காலை வை” என்று நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன? சொல்லலாம், நானும் சிலருக்குச் சொன்னேன். தரையில் பாதம் வரைந்தும் காட்டினேன். ஆனால் அதில் ஒரு போலி உண்டு. பிள்ளை காலை வைக்கும், நிற்கும், அதன் பிறகு எறியும். காலுக்கும் கைக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் அது உங்களுக்காகச் செய்யும் நாட்டியம். எடை முன்னே நகரவில்லை, எறிக்கு அந்தக் கால் எதையும் தரவில்லை. கால் ஊன்றும்போதே கை வந்துகொண்டிருந்தால்தான் அது எறிதலின் பகுதி. போலியைப் பார்த்தால் சொல்லை நிறுத்திவிட்டு, சத்தத்துக்கோ தூரத்துக்கோ திரும்புங்கள்.

படி 5: ஆட்டத்துக்குள் கொண்டுபோதல்

ஏழாவது பீரியடில் ஏழுகல் ஆடினோம். அடுக்கிய கல்லை எறிந்து கலைப்பது, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்குவது. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம், எறிதலுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் வழக்கமான விதிப்படி ஆடினால், பந்து பட்டவர் வெளியே. முதலில் வெளியே போவது யார்? நான்கு வாரமாக யாருக்காகப் பாடத்தை மாற்றினோமோ அந்தப் பிள்ளை.

இரண்டு விதி மாற்றினேன். அடிபட்டவர் எல்லைக் கோடுவரை ஓடித் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாம். கல்லை எறியும் முறை சுழற்சியாக எல்லோருக்கும் வரும். அணிக்கு ஆறு பேர், மூன்று ஆட்டம் ஒரே நேரத்தில். பந்து, சாக்ஸ் பந்துதான்.

ஆட்டம் கலகலப்பாக ஓடும்போது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பார்த்து, எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று எண்ணுங்கள். நான் முதல் முறை எண்ணியபோது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் கிடைத்தது பூஜ்யம். பந்து வரும் பக்கமாக ஓடி, கடைசி நொடியில் ஒதுங்குவதில் அவன் கெட்டிக்காரன். அவனுக்காக அணியை நான்கு பேராகக் குறைத்தேன். ஒதுங்க இடமில்லாமல் போனது.

எட்டாவது பீரியடில் குழுக்களே தங்களுக்கு ஓர் எறி ஆட்டம் உருவாக்கினார்கள். ஒரு நிபந்தனை மட்டும்: யாரும் வெளியே போகக் கூடாது. ஒரு குழு தகரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இன்னொரு குழு அரை மணி நேரமும் விதியைப் பற்றிச் சண்டை போட்டதில் ஆட்டமே தொடங்கவில்லை. அது வீண்போன வகுப்பா என்று எனக்கு இன்னமும் முடிவு சொல்ல வரவில்லை.

படி 6: குறித்துவைத்தல்

36 பேருக்கும் தினம் எழுத முடியாது. ஒரு பீரியடுக்கு ஆறு பேர் என்று வைத்தால், மூன்றாவது பீரியடிலிருந்து எட்டாவது பீரியட்வரை ஆறு பீரியடில் எல்லோரையும் ஒருமுறை முடித்துவிடலாம். முதல் இரண்டு நாள் எழுதிய குறிப்போடு சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் முன்பு, பின்பு என்று இரண்டு புள்ளிகள் கிடைக்கும். முதலில் பின்தங்கித் தெரிந்தவர்களைக் கடைசி வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத்தான் அதிக அவகாசம் வேண்டும்.

எழுத வேண்டியது நான்கே விஷயம்: கால் எந்த நிலை, எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தாள், “தூரம் போக எதை மாற்றுவே?” என்பதற்கு என்ன சொன்னாள், இடைவேளையில் என்ன பார்த்தீர்கள். கடைசி விஷயத்தை மைதானத்தில் பி.டி. பீரியடில் எழுத முடியாது. மணி அடித்த பிறகு பத்து நிமிடம் வராண்டாவில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும். நான்கு இழையில் ஆசிரியர்கள் அதிகம் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இதையெல்லாம் கட்டம் போட்டு மதிப்பெண்ணாக மாற்றும் ஆசை வரும், மேலிருந்து கேட்கவும் செய்வார்கள். ஆஸ்திரேலியா 2019-ல் வெளியிட்ட ஃபிசிகல் லிட்டரசி சட்டகத்தில் உடல், மனம், சமூகம், சிந்தனை என்று நான்கு பகுதிக்குள் 30 கூறுகள் இருக்கின்றன. திட்டமிடும்போது எதை மறந்தோம் என்று பார்க்க அது நல்ல பட்டியல். 36 பிள்ளைகளுக்கு 30 கட்டம் போட்டு டிக் அடிக்கத் தொடங்கினால் 1,080 டிக்குகள் ஆகும், கண் மைதானத்தை விட்டுத் தாளுக்குப் போய்விடும். அலுவலகத்துக்குத் தரம் தேவைப்பட்டால் திறன் வரிக்கு மட்டும் போட்டுக் கொடுங்கள். ஆர்வத்துக்கு ‘பி’ கிரேடு வாங்கிய பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் ஆர்வத்தை நினைத்துப் பாருங்கள்.

நான்கு வாரத்தில் எது நடக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பும் தோளும் தனித்தனியாகத் திரும்பும் முதிர்ந்த எறிதல் இந்த வயதில் பலருக்கு வராது, அதற்கு வருடங்கள் ஆகும். வரையறை சொல்லும் ‘வாழ்நாள் முழுக்க’ என்பதை ஒரு பாடத்தை வைத்து யாரும் காட்டிவிட முடியாது. ஆகவே குறிப்பேட்டை வருடக் கடைசியில் நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தச் சிறுமியின் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

“முதல் வாரம்: கால் இல்லை, தள்ளுகிறாள், ‘வராது’ என்கிறாள். நான்காம் வாரம்: பலமாக எறியும்போது இடது கால் சின்ன எட்டு, மெதுவாக எறியும்போது இன்னும் இல்லை. தோள் திரும்பவில்லை. 5 மீட்டர் கோடு, ஒருமுறை தானாக 7. ‘எதை மாற்றுவே?’ என்றதற்கு, ‘பின்னாடி சாஞ்சுக்கணும், அப்ப காலு வரும்.’ இடைவேளை: ஏழுகல்லில் இரண்டு நாள் பார்த்தேன். எறிய முறை வந்தபோது ஒரு நாள் தோழியிடம் பந்தைக் கொடுத்துவிட்டாள், ஒரு நாள் தானே எறிந்தாள். கல்லில் படவில்லை. அடுத்த முறைக்கும் நின்றாள்.”